பணிக்கொடைக் கடனை ஒரே வட்டியில் தள்ளாதீர்கள்: ஸ்பாட் ரேட் கொண்டு கணக்கிடும் முறை

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரல் மாதத்தில், ஊழியர்களுக்குப் பின்னாளில் கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டியின், அதாவது பணிக்கொடைக் கடனின், மதிப்பீட்டைத் தணிக்கைக்குக் கொடுத்தபோது ஆடிட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஆட்கள்ல பாதிப் பேர் ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகறாங்க. அப்புறம் எதுக்கு சார் பத்து வருஷ கவர்ன்மென்ட் பாண்ட் ரேட்ல தள்ளியிருக்கீங்க?" என்னிடம் பதில் இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதைத் தவிர. தள்ளுவது என்றால், பின்னால் போகப்போகும் தொகையை வட்டி விகிதத்தால் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி மூன்று வாரம் போனது. கணக்கு ஒன்றும் பெரிதில்லை. எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எடுத்த எண் எந்த வகை வட்டி என்பதில்தான் நேரம் எல்லாம் கரைந்தது. அடுத்த மார்ச்சில் இதே வேலையை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். எக்செல் தெரிந்தால் போதும்.

## 1. முதலில் ஆண்டுவாரி பணப்பட்டியலை வாங்குங்கள்

ஆண்டுக்கு ஒரு வட்டி என்று போக வேண்டுமானால், எந்த ஆண்டில் எவ்வளவு பணம் வெளியே போகும் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். பணிக்கொடையைப் பொறுத்தவரை அது ஆக்சுவரி தயாரிக்கும் பட்டியல். ஊழியர்களின் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம் மூன்றையும் நீங்கள் கொடுக்கிறீர்கள். சம்பள உயர்வு, வேலையை விட்டுப் போகும் வீதம், இறப்பு வீதம் எல்லாம் சேர்த்து அவர் எதிர்காலத் தொகைகளைக் கணிக்கிறார்.

இங்கே இரண்டு பள்ளங்கள். ஆக்சுவரி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் முதிர்வுப் பட்டியல் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஐந்து ஆண்டு தனித்தனியாக இருக்கும். அதற்குப் பிறகு "6 முதல் 10 ஆண்டு வரை" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். மூட்டையை எந்த ஆண்டின் வட்டியில் தள்ளுவது? இன்னொன்று, அந்தப் பட்டியல் தள்ளுபடி செய்யாத தொகையா, செய்த தொகையா என்று தலைப்பில் சில சமயம் தெளிவாக இருக்காது. தள்ளுபடி செய்த தொகையை மறுபடி தள்ளினால் கடன் இருப்பதைவிடக் குறைந்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு: பட்டியலின் மொத்தத்தைக் கூட்டுங்கள். அது அறிக்கையில் உள்ள கடன் தொகைக்குச் சமமாக இருந்தால் ஏற்கெனவே தள்ளிய தொகை. நன்றாகக் கூடுதலாக இருந்தால் தள்ளாதது.

ஆகவே பிப்ரவரியிலேயே, வேலையை ஒப்புக்கொடுக்கும் கடிதத்தில், "ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாக, கடைசி ஊழியர் ஓய்வு பெறும் வரை, தள்ளுபடி செய்யாத தொகை, எக்செல் வடிவில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆக்சுவரிக்கு இது கூடுதல் வேலையில்லை; அவருடைய மென்பொருளில் ஏற்கெனவே இருப்பதுதான். அறிக்கை கையெழுத்தான பிறகு ஏப்ரலில் கேட்டால் அது தனி வேலை ஆகிவிடுகிறது. தனிக் கட்டணமும் வருகிறது. நான் கட்டினேன்.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தத் தொகைகள் ஆண்டு முடிவில் போவதாகக் கணக்கா, ஆண்டின் நடுவில் போவதாகவா? ஏன் என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

## 2. சரியான கர்வை எடுங்கள்

இந்தியாவில் பணிக்கொடைக் கடனுக்கு அரசுப் பத்திரங்களின் சந்தை விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று கணக்கியல் தரம் (இந்த் ஏ.எஸ். 19) சொல்கிறது. காலவாரியாக அடுக்கிய அந்த விகித வரிசைக்குத்தான் கர்வ் என்று பெயர். அதை ஒவ்வொரு வேலைநாளும் எஃப்.பி.ஐ.எல். என்ற பைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் வெளியிடுகிறது. கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவும் தனியாக ஒரு கர்வ் வெளியிடுகிறது. வணிகத்துக்குப் பயன்படுத்தும் முன் அவர்கள் தளத்தில் உள்ள பயன்பாட்டு நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

அங்கே போனதும் இரண்டு கர்வ் கண்ணில் படும். ஒன்று பார் யீல்டு. இன்னொன்று `ZCYC` என்று போட்டிருக்கும் ஜீரோ கூப்பன் கர்வ். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்தான் என் முதல் வாரம் போனது.

ஐந்து வருடப் பார் யீல்டு 6.40% என்றால் என்ன பொருள்? 100 ரூபாய்க்கு வாங்கும் ஐந்து வருடப் பத்திரம் ஆண்டுக்கு 6.40 ரூபாய் வட்டி தந்து, கடைசியில் 100 ரூபாயைத் திருப்பித் தருகிறது. அதில் முதல் வருட வட்டி ஒரு வருடத்தில் வருகிறது, இரண்டாவது இரண்டு வருடத்தில் வருகிறது. 6.40 என்பது இந்த ஐந்து வரவுகளுக்கும் சேர்த்துப் பிசைந்த ஒரு விகிதம். ஐந்தாம் வருடம் மட்டும் வரும் ஒரு தொகைக்கு உரிய விகிதம் அதுவல்ல. நடுவில் ஒரு பைசா தராமல் ஐந்தாம் வருடக் கடைசியில் மொத்தமாகத் தரும் பத்திரத்தின் விகிதம்தான் அந்தத் தொகைக்கு உரியது. அதற்குத்தான் ஸ்பாட் ரேட் என்று பெயர். ஜீரோ கூப்பன் விகிதம் என்றாலும் அதேதான்.

ஜீரோ கூப்பன் கர்வே கிடைத்தால், அடுத்த படியில் வட்டி வகையைச் சரிசெய்துவிட்டு நேராக 5-ஆம் படிக்குப் போகலாம். ஆனாலும் ஒரு முறையாவது பார் யீல்டிலிருந்து நீங்களே ஸ்பாட் ரேட்டைப் பிரித்தெடுத்துப் பாருங்கள். ஆடிட்டர் கேட்டால் வாய் திறந்து சொல்ல முடியும்.

தேதியிலும் கவனம் வேண்டும். மார்ச் 31 அன்று சந்தை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2024-இல் மார்ச் 31 ஞாயிறு, 29 புனித வெள்ளி. ஆகவே கடைசி வியாபார நாள் 28. அந்தக் கடைசி வேலைநாளின் கோப்பை எடுத்து, தேதி தெரியும்படி அன்றே சேமித்து வையுங்கள். பத்து நாள் கழித்து, ஏப்ரல் விகிதத்தை எடுத்துவிட்டு மார்ச் என்று போடுவது நான் பார்த்த மிகச் சாதாரணமான தவறு.

## 3. வட்டி எந்த வகை என்று தலைப்பைப் படியுங்கள்

இந்திய அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி தருபவை. அதனால் சந்தையில் சொல்லும் விகிதம் அரையாண்டுக் கூட்டு வட்டியாக இருக்கும். 6.40% அரையாண்டுக் கூட்டு என்றால் ஆறு மாதத்துக்கு 3.20, இரண்டு முறை பெருக்கினால் ஆண்டுக்கு 6.50%. அதே 6.40% தொடர் கூட்டு வட்டியாக இருந்தால் ஆண்டுக்கு 6.61%. கர்வைச் சமன்பாட்டின் அளபுருக்களாகக் கொடுத்திருந்தால் அது தொடர் கூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே இருக்கும் முறைக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். ட்ரெஷரி பில் விகிதமோ சாதாரண வட்டி.

உங்கள் பணப்பட்டியல் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஆண்டுக் கூட்டு வட்டிக்கு மாற்றிவிட்டுத்தான் தள்ள வேண்டும். B2-இல் விகிதம் இருந்தால் மாற்றும் சூத்திரம்:

```
அரையாண்டு -> ஆண்டு:   =(1+B2/2)^2-1
தொடர் கூட்டு -> ஆண்டு: =EXP(B2)-1
```

ஜீரோ கூப்பன் விகிதத்துக்கு மட்டும் இந்த மாற்றத்தை நேரடியாகப் போடுங்கள். பார் யீல்டுக்கு வேண்டாம். அதை அரையாண்டுப் படிகளிலேயே பிரிக்க வேண்டும். எப்படி என்று அடுத்த படியின் கடைசியில் இருக்கிறது.

## 4. பார் யீல்டிலிருந்து ஸ்பாட் ரேட்டைப் பிரித்தெடுப்பது

கை பழகுவதற்காக, ஆண்டுக்கு ஒரு முறை வட்டி தரும் பத்திரங்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விகிதங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. எந்த நாளின் சந்தை விகிதமும் அல்ல. ஒன்று முதல் ஐந்து வருடம் வரை பார் யீல்டு 5.60, 5.85, 6.05, 6.25, 6.40.

முதல் வருடத்தில் பிரச்சினையே இல்லை. ஒரு வருடப் பத்திரத்துக்கு ஒரே வரவு. ஆகவே ஸ்பாட் ரேட்டும் 5.60 தான். ஒரு வருடம் கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 1 ÷ 1.056 = 0.94697. இதைக் காரணி என்று சொல்கிறேன்.

இரண்டாம் வருடம்: இரண்டு வருடப் பத்திரத்தின் இன்றைய விலை 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதல் வருடம் 0.0585 தருகிறது. அதன் இன்றைய மதிப்பு நமக்கு ஏற்கெனவே தெரியும்: 0.0585 × 0.94697 = 0.05540. ஒரு ரூபாயில் இதைக் கழித்தால் மீதி 0.94460. இந்த மீதிதான் இரண்டாம் வருடம் வரும் 1.0585 ரூபாயின் இன்றைய மதிப்பு. எனவே இரண்டாம் வருடக் காரணி 0.94460 ÷ 1.0585 = 0.89240. அதிலிருந்து ஸ்பாட் ரேட் 5.857%.

இப்படியே ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மூன்றாம் வருடத்துக்கு முதல் இரண்டு காரணிகள் வேண்டும், நான்காவதுக்கு முதல் மூன்று. எக்செலில் இதற்கு ஒரே சூத்திரம் போதும். A பத்தியில் ஆண்டு, B-யில் பார் யீல்டு 5.60% என்று சதவீதக் குறியோடு, C-யில் காரணி, D-யில் ஸ்பாட், E-யில் தொகை. முதல் வரிசை தலைப்பு.

```
C2:  =(1-B2*SUM(C$1:C1))/(1+B2)
D2:  =C2^(-1/A2)-1
```

இரண்டையும் கீழே இழுத்துவிடுங்கள். C1-இல் இருப்பது தலைப்பு எழுத்து என்பதால் SUM அதை எண்ணாமல் விட்டுவிடும். முதல் வரிசைக்குத் தனிச் சூத்திரம் தேவையில்லை.

சரியாக வந்ததா என்று பார்க்க நான் ஒவ்வொரு முறையும் செய்யும் சோதனை: ஐந்து வருடப் பத்திரத்தை உங்கள் காரணிகளை வைத்தே விலை போடுங்கள். ஐந்து காரணிகளின் கூட்டுத்தொகை 4.19273, அதை 6.40-ஆல் பெருக்கினால் 26.83. கடைசியில் வரும் நூறு ரூபாயின் மதிப்பு 73.17. இரண்டும் சேர்ந்து சரியாக 100. நூறு வரவில்லையென்றால் எங்கோ ஒரு செல் நகர்ந்திருக்கிறது.

உண்மையான அரையாண்டுக் கோப்புக்கு A பத்தியில் 0.5, 1, 1.5 என்று போட்டு, சூத்திரத்தில் B2 வரும் இரண்டு இடத்திலும் B2/2 என்று மாற்றுங்கள். D பத்திச் சூத்திரம் அப்படியே இருக்கும். ஆண்டுக் கூட்டு விகிதமாகவே விடை வரும். இடையில் ஏதாவது அரையாண்டு விகிதம் கோப்பில் இல்லையென்றால், இரண்டு பக்க விகிதத்துக்கும் நடுவில் நேர்கோட்டில் எடுத்து நிரப்புங்கள். ஒரு படி விட்டுப்போனாலும் அதற்கு மேலுள்ள காரணிகள் எல்லாம் தவறாகிவிடும்.

## 5. தள்ளிக் கூட்டுங்கள்

இப்போது பணம். ஜீரோ கூப்பன் கர்விலிருந்து நேராக இங்கே வந்தவர்கள், A பத்தியில் ஆண்டும் D-யில் ஸ்பாட்டும் E-யில் தொகையும் போட்டு, காரணிக்கு C2-இல் `=(1+D2)^(-A2)` என்று எழுதிக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களின் வயதைப் போலவே, முதல் இரண்டு வருடத்தில் பெரும்பகுதி போகும் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். தொகை லட்ச ரூபாயில்.

| ஆண்டு | பார் யீல்டு % | காரணி | ஸ்பாட் % | தொகை | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | 5.60 | 0.94697 | 5.600 | 30 | 28.41 |
| 2 | 5.85 | 0.89240 | 5.857 | 24 | 21.42 |
| 3 | 6.05 | 0.83802 | 6.067 | 10 | 8.38 |
| 4 | 6.25 | 0.78368 | 6.283 | 8 | 6.27 |
| 5 | 6.40 | 0.73167 | 6.448 | 8 | 5.85 |

மொத்தம் 80 லட்சம் போகப்போகிறது. அதன் இன்றைய மதிப்பு 70.33 லட்சம். எக்செலில் `=SUMPRODUCT(C2:C6,E2:E6)`.

இதையே பழைய வழக்கப்படி பத்து வருட விகிதம் என்று ஒரே 6.70%-இல் தள்ளினால் 69.39 லட்சம் வருகிறது. ஏறத்தாழ 94,000 ரூபாய் குறைவு. கடனைக் குறைத்துக் காட்டியிருக்கிறோம். அடுத்த வருடமே கையில் கொடுக்க வேண்டிய 30 லட்சத்துக்குப் பத்து வருடப் பத்திரத்தின் வட்டியைக் கற்பனை செய்ததன் விளைவு இது. ஆடிட்டர் கேட்டது இதைத்தான்.

கர்வ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்போதுதான் இப்படி. எல்லா வருடத்துக்கும் ஏறக்குறைய ஒரே விகிதம் இருக்கும் காலத்தில் இரண்டு முறையும் ஒரே விடை தரும். கர்வ் தலைகீழாக, குறுகிய காலம் உயர்ந்தும் நீண்ட காலம் தாழ்ந்தும் இருந்தால் பிழை எதிர்த்திசையில் போகும். ஆகவே "ஸ்பாட் போட்டால் கடன் கூடும்" என்று பாடம் செய்துகொள்ளாதீர்கள்.

## 6. நான் விழுந்த பள்ளங்கள்

முதல் பள்ளம் ஸ்பாட் ரேட்டைச் சங்கிலி போடுவது. இரண்டாம் வருடத் தொகையை 1.056 × 1.05857-ஆல் வகுத்தேன், முதல் வருட வட்டி, பிறகு இரண்டாம் வருட வட்டி என்று நினைத்து. அது தவறு. 5.857% என்பது இரண்டாவது வருடத்தின் வட்டி அல்ல. இன்றிலிருந்து இரண்டு வருடம் முழுவதற்கும், ஆண்டு ஒன்றுக்கு, உரிய வட்டி. ஆகவே 1.05857-ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும். இரண்டாவது வருடத்துக்கு மட்டும் உரிய விகிதம் வேண்டுமென்றால் முதல் காரணியை இரண்டாம் காரணியால் வகுத்துப் பாருங்கள்: 6.12% வரும். அதற்கு ஃபார்வர்டு ரேட் என்று பெயர். ஃபார்வர்டைத்தான் சங்கிலி போடலாம், ஸ்பாட்டைப் போடக்கூடாது. இந்தப் பிழை முதல் இரண்டு வருடத்தில் கண்ணில் படாது. ஐந்தாம் வருடத்தில் 8 லட்சத்துக்கு 11,000 ரூபாய் கூடுதலாக வந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

அடுத்தது பார் யீல்டையே ஸ்பாட்டாக நினைத்துத் தள்ளுவது. நம் எடுத்துக்காட்டில் ஐந்தாம் வருடம் 6.40-க்கும் 6.448-க்கும் வித்தியாசம் சொற்பம். 8 லட்சத்துக்கு 1,300 ரூபாய்தான். ஆனால் கர்வ் ஏறிக்கொண்டே போனால், வருடம் கூடக் கூட இந்த இடைவெளியும் விரியும். 25 வயதுத் தொழிலாளி 58-இல் ஓய்வு பெறும் தொகைக்கு இதைச் செய்தால் அலட்சியம் செய்ய முடியாத எண் வரும்.

மூன்றாவதைத்தான் நான் கடைசியில் கண்டுபிடித்தேன்; பணத்தில் அதுதான் பெரிது. மேலே போட்ட கணக்கு எல்லாத் தொகையும் ஆண்டின் கடைசி நாளில் போவதாக வைத்துக்கொண்டது. நிஜத்தில் ஆட்கள் வருடம் முழுவதும் ஓய்வு பெறுகிறார்கள். சராசரியாக ஆண்டின் நடுவில் போவதாக எடுத்தால் முதல் தொகைக்கு அரை வருடம், இரண்டாவதுக்கு ஒன்றரை வருடம் என்று தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் கடன் இரண்டு லட்சத்துக்கு மேல் கூடிவிடுகிறது. ஸ்பாட்டா, ஒரே விகிதமா என்று மூன்று வாரம் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த 94,000-ஐவிட இது இரண்டு மடங்குக்கு மேல். 1-ஆம் படியில் ஆக்சுவரியிடம் கேட்கச் சொன்ன கேள்வி இதற்காகத்தான். அரையாண்டுப் படியில் காரணி போட்டிருந்தால் 0.5, 1.5, 2.5 வரிசைகளை எடுத்துப் பெருக்கினால் முடிந்தது.

## 7. ஒரே விகிதம் கேட்டால் என்ன தருவது

அறிக்கையில் தள்ளுபடி விகிதம் என்று ஒரு எண்ணை வெளியிட வேண்டியிருக்கிறது. ஐந்து விகிதத்தை வரிசையாகப் போட்டால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நல்ல வேளையாக, பணம் போகும் காலத்தையும் அளவையும் பிரதிபலிக்கும் ஒரே சராசரி விகிதத்தைப் பயன்படுத்தலாம் என்று இந்த் ஏ.எஸ். 19-இன் 85-ஆம் பத்தியே ஒப்புக்கொள்கிறது. ஆகவே முதலில் ஸ்பாட் ரேட்டில் 70.33-ஐக் கண்டுபிடித்துவிட்டு, எந்த ஒரே விகிதம் அதே 70.33-ஐத் தருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். F1-இல் இன்றைய மதிப்பை எதிர்மறையாகப் போட்டு, F2 முதல் F6 வரை தொகைகளை எழுதி:

```
=IRR(F1:F6)
```

விடை 6.03%. இதைத்தான் வெளியிட வேண்டும். பணம் போகாத வருடம் இருந்தால் பூஜ்யம் என்று எழுதுங்கள். செல்லைக் காலியாக விட்டால் IRR அந்த வருடத்தையே விழுங்கிவிடும்.

பலர் இங்கே ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள். கடனின் சராசரிக் காலத்தைக் கண்டுபிடித்து, அந்தக் காலத்துக்கான விகிதத்தைக் கர்வில் பார்த்துவிடுவது. நம் பட்டியலில் சராசரிக் காலம் 2.14 வருடம்; ஸ்பாட் கர்வில் அந்த இடத்தில் 5.89% இருக்கிறது. 6.03-க்குப் பதில் 5.89-இல் தள்ளினால் கடன் 20,000 ரூபாய் கூடிவிடுகிறது. காரணம், தூரத்துத் தொகை விகிதத்துக்கு அதிகம் ஆடும். ஐந்தாம் வருடத்தின் 5.85 லட்சத்துக்கு விகித நிர்ணயத்தில் ஐந்து மடங்கு கனம். முதல் வருடத்தின் 28 லட்சத்துக்கு ஒரு மடங்குதான். சராசரிக் காலத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கனம் கணக்கில் வராமல் போகிறது. எங்களைப் போல் பாதிப் பணம் உடனேயும் மீதி சிதறியும் போகும் நிறுவனத்தில் இந்தக் குறுக்குவழி நம்பத்தக்கதல்ல. எல்லாரும் ஒரே வயதில் இருக்கும் நிறுவனத்தில் பரவாயில்லை.

அடுத்த வருட வட்டிச் செலவை எப்படிக் காட்டுவது என்பதையும் இப்போதே ஆடிட்டரோடு பேசி முடித்துவிடுங்கள். 70.33 லட்சத்தை 6.03%-ஆல் பெருக்கினால் 4.24 லட்சம். ஒவ்வொரு தொகையின் இன்றைய மதிப்பையும் அதனதன் ஸ்பாட் ரேட்டால் பெருக்கிக் கூட்டினால் 4.13 லட்சம். கடன் ஒன்றுதான், செலவு மட்டும் 11,600 ரூபாய் வேறுபடுகிறது. எதை எடுத்தாலும் எழுதி வையுங்கள், அடுத்த வருடமும் அதையே செய்யுங்கள். லாபம் குறையும் வருடத்தில் முறையை மாற்றினால் யாரும் நல்ல எண்ணத்தோடு பார்க்க மாட்டார்கள்.

## 8. கோப்பில் என்ன இருக்க வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும்

பிப்ரவரியில் ஆக்சுவரிக்குக் கடிதம். மார்ச் கடைசி வேலைநாளின் மாலையில் கர்வைப் பதிவிறக்கிச் சேமிப்பது. இது பத்து நிமிட வேலை, ஆனால் தள்ளிப்போடக்கூடாது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஊழியர் பட்டியலை அனுப்பி, பணப்பட்டியல் வந்ததும் மேலே சொன்ன எக்செல் அரை நாளில் முடிந்துவிடும். முதல் வருடம் மட்டும் இன்னும் ஒரு நாள் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டருக்குக் கொடுக்கும் கோப்பில் நான் வைப்பவை இவை: பதிவிறக்கிய கர்வ், தேதியோடு, அது பார் யீல்டா ஜீரோ கூப்பனா, எந்தக் கூட்டு வட்டி என்று ஒரு வரி, ஆக்சுவரியின் தள்ளாத பட்டியல், ஆண்டு முடிவா நடுவா என்ற குறிப்போடு, காரணிகள், அதன் கீழே "100 வருகிறது" என்ற சோதனை, கடைசியில் 6.03% எப்படி வந்தது என்ற IRR வரி. முழு எக்செலையும் சூத்திரத்தோடு கொடுங்கள், எண்களை மட்டும் ஒட்டிக் கொடுக்காதீர்கள். போன ஏப்ரலில் ஆடிட்டரின் உதவியாளர் அதைத் திறந்து, இரண்டு செல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரிங்க சார், லீவு சம்பளக் கணக்குக்கும் இதே ஷீட் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, அதே C பத்தி, வேறு E பத்தி.